அத்தியாயம் 7: அடுப்பிலிருந்து இறக்கிய பின்: சோறும் நேரமும்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள முசரவாக்கம் போன்ற நெசவு ஊர்களில் வீட்டு அடுப்பும் தறியும் ஒரே நேரத்துக்கு ஆள் கேட்கும். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கணவன் நெய்தால் மனைவியோ பிள்ளையோ கரை போடுவார்கள். இடையில் எழுந்து போய் உலை வைத்தால் நெசவு நின்றுவிடும். அதனால் விடிந்ததும் ஒரு பானை சோறு வடித்து வைத்துவிட்டு, அதையே மதியத்துக்கும் சில வீடுகளில் இரவுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாகப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் போகிறது.

இந்த வழக்கத்தில் ஒரு குறிப்பிட்ட ஆபத்து இருக்கிறது. சோறு நன்றாக வெந்திருக்கும், கெட்ட வாடை வந்திருக்காது, மறுபடி ஆவி பறக்கச் சூடும் செய்திருப்போம். இருந்தும் சாப்பிட்ட ஓரிரண்டு மணி நேரத்தில் வாந்தி வரலாம். காரணம் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. சமைப்பதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. இறக்கியதிலிருந்து சாப்பிடும் வரை கடக்கும் நேரத்தைக் கவனித்தால்தான் தடுக்க முடியும். அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது, எப்படிச் சுருக்குவது என்பதே இந்த அத்தியாயம்.

கொதியில் சாகாத வித்து

பாசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழ்வது. நெல் வயலிலும் களத்துத் தூசியிலும் இருக்கும். அங்கிருந்து நெல்லோடு அரிசிக்கு வந்துவிடுகிறது. பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி, விலை உயர்ந்த பொன்னி என்ற வேறுபாடு இதற்கு இல்லை. அரிசியைப் பலமுறை களைந்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் முழுவதும் போகாது.

உணவும் ஈரமும் இல்லாதபோது இந்தப் பாக்டீரியா தன்னைச் சுருக்கிக்கொண்டு கெட்டியான உறைக்குள் அடங்கிவிடும். இந்த நிலையில் இருப்பதை வித்து என்கிறோம். வித்துக்குப் பசி இல்லை, வளர்ச்சி இல்லை. வெயிலில் காய்ந்தாலும் ஆண்டுக்கணக்கில் மூட்டையில் கிடந்தாலும் சாகாது. சாதாரணப் பாக்டீரியா 70 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்களில் செத்துப்போகும். ஆனால் 100 டிகிரியில் கொதிக்கும் உலையில் இருபது நிமிடம் இருந்த பிறகும் இந்த வித்துகளில் ஒரு பகுதி பிழைத்திருக்கும்.

கொதி இரண்டு விதத்தில் இதற்கு உதவவும் செய்கிறது. முதலாவதாக, அந்தச் சூடு வித்தை எழுப்பிவிடுகிறது. சோறு ஆறத் தொடங்கியதும் பிழைத்த வித்துகள் உறையை விட்டு முளைத்து மீண்டும் வளரும் பாக்டீரியாவாகின்றன. இரண்டாவதாக, போட்டிக்கு இருந்த மற்ற பாக்டீரியாக்கள் எல்லாம் கொதியில் செத்துவிட்டன. ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த வெந்த சோறு இது ஒன்றுக்கே மிஞ்சுகிறது.

குக்கரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையா? நீராவி அழுத்தத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால் திறந்த பானையை விடக் குக்கரில் கூடுதலான வித்துகள் சாகும். அந்த அளவுக்கு அது நல்லதுதான். ஆனால் மூடியைத் திறந்ததும் கரண்டி, கை, பாத்திரம், காற்றுத் தூசி எல்லாவற்றிலிருந்தும் புதிய வித்துகள் வந்து சேரும். குக்கருக்குள்ளேயே விட்ட சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாக இருப்பதால், வந்தவை வளர்வதற்கும் வசதி. எனவே குக்கர் சோற்றுக்கும் இங்கே சொல்லும் நேரக் கணக்கு பொருந்தும்.

ஒரே இரவில் நடந்தது

சோற்றுக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு 1970-களில் பிரிட்டனில் தெளிவானது. 1971 முதல் அங்கே சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியில் விழுந்தார்கள். கில்பர்ட், ஸ்டிரிங்கர், பீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சமையலறைகளில் சோற்றை மொத்தமாக வடித்து இரவு முழுக்க வெளியிலேயே வைத்து, தேவைப்படும்போது எடுத்து வறுத்தார்கள். குளிரில் வைத்தால் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெளியில் ஆறினால்தான் உதிரியாக வறுக்க வரும் என்பதே காரணம். எலுமிச்சை சாதத்துக்குப் பழைய சோறுதான் உதிரியாக வரும் என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம்.

படிப்படியாகப் பதிவான ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 1993 ஜூலையில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், இரண்டு குழந்தைகள் காப்பகங்களுக்கு ஓர் உணவகத்திலிருந்து மதியச் சாப்பாடு வந்தது. அதில் கோழி ஃப்ரைட் ரைஸ் இருந்தது. அதற்கான சோற்றை முதல் நாள் இரவே வடித்து, வெளியில் வைத்து ஆறவிட்டு, அதன் பிறகே குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். காலையில் எடுத்து எண்ணெயில் வறுத்து, வெந்த கோழித் துண்டுகளைச் சேர்த்தார்கள். சுமார் பத்தரை மணிக்கு உணவு காப்பகங்களுக்கு வந்தது. நண்பகல் வரை அது வெளியில்தான் இருந்தது. பரிமாறும்போது மறுபடி சூடு செய்யவில்லை.

சாப்பிட்ட 67 பேரில் 14 பேர் நோயுற்றார்கள். சாப்பிட்டதிலிருந்து சராசரியாக இரண்டு மணி நேரத்தில் குமட்டல் தொடங்கியது. அந்த உணவைச் சாப்பிடாதவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த சோற்றைப் பரிசோதித்தபோது, ஒரு கிராமில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாசில்லஸ் சீரியஸ் இருந்தது. பெரும்பாலானவர்கள் சில மணி நேரத்தில் தேறிவிட்டார்கள்.

இதில் சோறு இரண்டு முறை ஆபத்தான நேரத்தைக் கடந்திருக்கிறது. குளிர்பெட்டிக்குள் போவதற்கு முன் இரவில் ஒருமுறை, வறுத்த பிறகு காலையில் ஒருமுறை. நடுவில் குளிர்பெட்டியும் கொதிக்கும் எண்ணெயும் வந்தும் பயனில்லை. குளிர்பெட்டிக்குப் போவதற்கு முன்பே பாக்டீரியா பெருகத் தொடங்கியிருந்தது. வறுத்தபோது எல்லாம் முடிந்துவிடவில்லை, இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அது வெதுவெதுப்பில் காத்திருந்தது.

நம் ஊர் வெப்பத்தில் கணக்கு

பாசில்லஸ் சீரியஸ் நன்றாக வளர்வது சுமார் 30 முதல் 37 டிகிரிக்குள். பிரிட்டனில் அறைக்குள் வைப்பது என்றால் பெரும்பாலும் 20 டிகிரிதான். முசரவாக்கத்தில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைச் சமையலறை பகலில் எளிதாக 35 டிகிரியைத் தொடும். இரவிலும் பெரும்பாலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதாவது நம் அறை வெப்பமே இதற்குப் பிடித்த வெப்பம்.

அந்த வெப்பத்தில் வெந்த சோற்றில் இது சுமார் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு கணக்குப் போடுவோம். இரவு 8 மணிக்குச் சோறு இறக்குகிறோம். ஒரு கிராமுக்குப் பத்து வித்து மட்டும் பிழைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பானையின் நடுப்பகுதி 50 டிகிரிக்குக் கீழே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வித்து முளைக்க இன்னொரு மணி நேரம். ஆக இரட்டிப்பு இரவு பத்தரைக்குத் தொடங்குகிறது. மறுநாள் காலை 7 மணிக்கு நாம் தாளிக்கும்போது எட்டரை மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் பதினேழு முறை இரட்டித்திருக்கும். பத்து இருந்த இடத்தில் 13 லட்சம். நோய் வருவதற்குப் பொதுவாக ஒரு கிராமுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். நள்ளிரவில் பார்த்தால் நூற்றுக்கும் குறைவு, விடியற்காலை ஐந்தரைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். கடைசி இரண்டு மணி நேரம் பெருக்கும் தொகை முன்பு கழிந்த இரவு முழுவதையும் விட அதிகம். "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று விடுவது ஆபத்தாவது இதனால்தான்.

இது உத்தேசக் கணக்கு. வித்தின் எண்ணிக்கையும் சோற்றின் ஈரமும் வெப்பமும் மாறினால் நேரமும் மாறும். ஆனால் பெருக்கம் இரட்டிப்பாகவே போகும் என்பது மாறாது.

"நாங்கள் ஆண்டாண்டாக இப்படித்தான் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரப்பவை இந்தப் பாக்டீரியாவின் எல்லா வகைகளும் அல்ல, ஒரு சிறு பகுதியே. உங்கள் அரிசியில் அந்த வகை இல்லாத நாள்கள் பல. அது எந்த மூட்டையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பானையிலும் இருப்பதாக வைத்து நடந்துகொள்வதே முறை.

மறுபடி சூடாக்கினால் ஏன் தீராது

இந்தப் பாக்டீரியா இரண்டு விதமாக நோய் உண்டாக்கும்.

ஒன்று வயிற்றுப்போக்கு. பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குள் போய், குடலில் வளர்ந்து, அங்கே நஞ்சு சுரக்கும். சாப்பிட்ட ஆறு முதல் பதினைந்து மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் பேதியும் வரும். இந்த நஞ்சு சூட்டில் அழிந்துவிடும். நன்றாகச் சூடாக்கினால் வளர்ந்த பாக்டீரியாவும் சாகும். எனவே இந்த வகையின் ஆபத்தைச் சூடாக்குவது வெகுவாகக் குறைக்கும்.

மற்றொன்று வாந்தி. சோற்றோடு அதிகம் தொடர்புடையது இதுதான். பாக்டீரியா சோற்றில் பெருகி நிறைந்த பிறகு சீரியுலைடு என்ற நஞ்சைச் சோற்றிலேயே சுரந்துவைக்கும். இது வளையமாகப் பின்னப்பட்ட சிறு மூலக்கூறு. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வயிற்று அமிலத்திலும் செரிமான நொதிகளிலும் சிதையாது. எனவே தாளிக்கும் எண்ணெயோ, மைக்ரோவேவோ, குக்கரில் மறுபடி விடும் இரண்டு விசிலோ இதை ஒன்றும் செய்யாது. சூடாக்கும்போது பாக்டீரியா செத்துப்போகும், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு அப்படியே இருக்கும். இதற்கு மணமில்லை, சுவையில்லை, நிறமில்லை.

இதனால்தான் மோந்து பார்ப்பது இங்கே உதவாது. ஊசல் வாடையும் நூல் விடுவதும் வேறு பல பாக்டீரியாக்கள் வளர்ந்ததைக் காட்டும். ஊசிய சோற்றைக் கொட்டியே ஆக வேண்டும். ஆனால் ஊசாத சோறு பாதுகாப்பானது என்று அதற்குப் பொருள் இல்லை.

சோற்றை ஆற்றும் முறை

சூடாக வைத்திருக்கும் சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். குளிரில் 5 டிகிரிக்குள் போனதும் நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவகங்களுக்குச் சொல்லப்படும் எளிய விதி நமக்கும் பயன்படும். இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் குளிர்பெட்டியில் வைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு மணி நேரமானால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது. நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் கொட்ட வேண்டும்.

மிச்சம் வைக்கப்போகும் சோற்றை விரைவாக ஆற்றுவது இப்படி:

1. சாப்பாடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மிஞ்சும் என்று தெரிந்த அளவை, இறக்கிய கையோடு வேறாக எடுத்துவிடுங்கள்.

2. அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். உயரம் இருமடங்கானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தாம்பாளத்தில் அரை மணியில் ஆறுவது, நான்கு மடங்கு உயரம் நிரம்பிய குண்டானில் எட்டு மணி நேரம் எடுக்கலாம்.

3. மின்விசிறிக்கடியில் வைத்து, சுத்தமான கரண்டியால் ஓரிரு முறை கிளறிவிடுங்கள். அவசரமானால் தாம்பாளத்தின் அடியைக் குளிர்ந்த நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் வையுங்கள்.

4. கையால் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள், மூடியுள்ள தட்டையான டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும். வெதுவெதுப்பாக இருப்பதை உள்ளே வைத்தால் பெட்டி கெடும் என்று மூன்று மணி நேரம் வெளியில் வைப்பதுதான் உண்மையான கேடு.

5. மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒருமுறைதான் சூடாக்க வேண்டும், நடுவிலும் ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும். அதில் மிஞ்சியதை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது.

மின்சாரம் பல மணி நேரம் போயிருந்தால், உள்ளே இருந்த சோறும் வெளியில் இருந்ததாகவே கணக்கு. உறைய வைத்தாலும் ஏற்கெனவே சுரந்த நஞ்சு அழியாது.

தறி வீட்டுக்கு மூன்று வழிகள்

காலை 6 மணிக்கு வடித்து 1 மணிக்குச் சாப்பிடும் சோறு ஏழு மணி நேரம் கிடக்கிறது. ஆறும் முதல் நேரத்தைக் கழித்தாலும் நான்கு மணி நேர எல்லையைத் தாண்டிவிடுகிறது. தறியை நிறுத்தாமல் இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உலையைத் தள்ளிப்போடுவது. காலையில் குழம்பும் காயும் முடித்துவிட்டு, அரிசியை அளந்து உலர்வாக வைத்துவிடுங்கள். பதினொன்றரைக்குக் களைந்து குக்கரில் வைத்து அடுப்பைப் பற்ற வைக்க ஒருவர் பத்து நிமிடம் எழுந்தால் போதும். அரிசியைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட வேண்டாம். ஊறும் அரிசியிலும் வெயில் நாளில் பாக்டீரியா பெருகும்.

இரண்டாவது வழி, சோற்றை ஆறவே விடாமல் வைப்பது. சூடு காக்கும் வசதியுள்ள மின்சார ரைஸ் குக்கர் இதற்கு ஏற்றது. ஹாட் பேக்கில் வைப்பதானால் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு அடுப்பிலிருந்து நேராகச் சோற்றைப் போட்டு வாய்வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். பாதி நிரப்பியதும் அடிக்கடி திறப்பதும் சூட்டை விரைவில் போக்கும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு நாள் மதியம் திறக்கும்போது நடுவில் குத்திப் பாருங்கள். 60-க்கு மேல் காட்டினால் உங்கள் ஹாட் பேக் அந்த நேரத்துக்குப் போதுமானது. 45 என்று காட்டினால் அது சோற்றைக் காக்கவில்லை, பாக்டீரியாவுக்கு ஏற்ற வெப்பத்தில் வைத்திருக்கிறது.

மூன்றாவது வழி, காலையிலேயே ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் சூடாக்குவது. பெட்டி உள்ள வீட்டுக்கு இது எளிது.

இரவுக்கு எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லாதபடி அரிசியின் அளவைக் குறைத்து, இரண்டு வேளை வடிப்பது எல்லாவற்றிலும் நல்லது.

புளிப்பு காக்கும் இடமும் காக்காத இடமும்

அப்படியானால் பழைய சோறு சாப்பிடக் கூடாதா? சாப்பிடலாம். தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து நீரைப் புளிக்க வைக்கிறது. புளிப்பு ஏற ஏற, பாசில்லஸ் சீரியஸ் வளர்வது மெல்லக் குறைந்து நின்றுபோகும். ஆனால் இது யார் முந்துகிறார் என்ற போட்டி. முதல் சில மணி நேரத்தில் புளிப்பு வருவதற்குள் மற்றது பெருகிவிடக் கூடாது.

அதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். சோறு வடித்து ஒரு மணி நேரத்துக்குள், ஆறிய சோற்றில் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள். அதோடு நேற்றைய நல்ல நீராகாரத்திலிருந்து இரண்டு கரண்டி சேர்த்துவிடுங்கள். இது புளிப்புக்கு முன்கூட்டியே துணை அனுப்புவது. காலையில் தெளிவான, இதமான புளிப்பு இருக்க வேண்டும். தண்ணீர் சப்பென்று இருந்தால் புளிப்பு தோற்றுவிட்டது என்று பொருள், அதைக் குடிக்க வேண்டாம்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலையில் வடித்த சோறு பகல் முழுக்கக் கிடந்து, இரவு பத்து மணிக்கு மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குள் பாக்டீரியா பெருகிச் சீரியுலைடு சுரந்திருந்தால், பிறகு வரும் புளிப்பு அதை அழிக்காது. அமிலத்தை அது தாங்கும். புளிப்பு வளர்ச்சியைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ள நஞ்சை நீக்காது. எனவே பழைய சோற்றுக்கென்று இரவு வடித்த சோறே வேண்டும்.

பயணத்துக்குக் கட்டும் தயிர்சாதத்திலும் இதே சிக்கல். வெயிலில் புளித்துப் போகாமல் இருக்க வேண்டும் என்று சூடான சோற்றில் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவார்கள். அந்தச் சாதத்தில் புளிப்பு ஏற பல மணி நேரம் ஆகும், அதுவரை காப்பு இல்லை. சோற்றை நன்றாக ஆற்றி, புளித்த தயிரை நிறையச் சேர்த்து, பாலைக் குறைத்துக் கட்டினால் முதல் நிமிடத்திலிருந்தே புளிப்பு இருக்கும். சாப்பிடும் நேரத்தில் வேண்டுமானால் பாலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புளியோதரை செய்பவர்கள் சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி ஆறவிட்டு, பிறகு புளிக்காய்ச்சலைக் கலப்பார்கள். பரப்பி ஆற்றுவதும் புளியின் அமிலமும் இரண்டுமே நல்ல பழக்கம். புளிக்காய்ச்சல் எல்லாப் பருக்கையிலும் படும்படி கலக்க வேண்டும். வெள்ளையாக நிற்கும் கட்டிகளுக்குள் புளி போகவில்லை, அவை வெறும் சோறுதான். எலுமிச்சை சாதத்தில் சாறு மிகக் குறைவாகவும் கடைசியிலும் சேர்வதால் அதைப் புதிதாக வடித்த சோற்றிலேயே செய்யுங்கள்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வடிக்கும்போது

அண்டாவில் 25 கிலோ அரிசி வடித்தால், நடுவில் உள்ள சோறு சாப்பாட்டு நேரம் முழுக்கச் சூடாகவே இருக்கலாம். பந்தி நடந்துகொண்டிருக்கும்வரை அது தொல்லை இல்லை. தொல்லை பந்தி முடிந்த பின் அண்டாவிலேயே மிஞ்சி நிற்கும் சோற்றில்தான். 60-இலிருந்து 30-க்கு இறங்க அதற்கு ஒரு இரவே ஆகலாம், அந்த நேரம் முழுவதும் அது ஆபத்தான வெப்பத்தில் இருக்கிறது.

எனவே 25 கிலோவை ஒரே ஈடாக வடிக்காமல் 10, 10, 5 என்று பந்தியைப் பார்த்து வடியுங்கள். கடைசி ஈட்டை வேண்டுமா என்று பார்த்த பிறகே உலையில் போடுங்கள். மிஞ்சியதை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதானால், பந்தி முடிந்ததும் சூடாக இருக்கும்போதே கொடுத்து, உடனே சாப்பிடச் சொல்லுங்கள். மாலையில் கொடுப்பது தானமாகாது.

சோறு கொட்டிப் பரப்பும் பாயும் மூடும் துணியும் சந்தேகத்துக்குரியவை. முந்தைய சமையலின் கஞ்சி ஒட்டிக் காய்ந்த துணியில் வித்துகள் தங்கும், வெயிலில் காயப்போட்டால் சாகாது. சோப்பு போட்டுத் துவைத்துக் கஞ்சி முழுவதும் போகும்படி அலச வேண்டும். முடிந்தால் பாய்க்குப் பதில் எவர்சில்வர் தட்டுகளைப் பயன்படுத்துங்கள்.

வாந்தி வந்துவிட்டால்

சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்து, அதே சோற்றைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் வந்தால் சோற்றைச் சந்தேகியுங்கள். ஆனால் கையால் தொட்ட உணவில் வளரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சும் இதே நேரத்தில் இதே அறிகுறியைத் தரும். எது என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும். பலர் நோயுற்றிருந்தால், மிஞ்சிய சோற்றைக் கொட்டாமல் சுத்தமான டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் தனியாக வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். நஞ்சினால் வந்த வாந்திக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. தேவை நீர்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, வாந்தி எடுத்த பத்து நிமிடம் கழித்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

சீரியுலைடு மிக அதிகமாகச் சென்றால் கல்லீரலைத் தாக்கும். 2003-இல் பெல்ஜியத்தில், குளிர் போதாத பெட்டியில் சில நாள் இருந்த பாஸ்தா சாலட்டைச் சாப்பிட்ட ஒரே குடும்பத்துக் குழந்தைகளில் ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். இப்படி நடப்பது அரிது. ஆனால் வாந்தி நிற்காமல் போனாலும், குழந்தை அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், கண் மஞ்சளானாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எப்போது வடித்த சோறு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வாந்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பின்பற்றக் கடினமாக இருந்தால் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். வடித்த நேரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள். எடுத்துச் சாப்பிட வரும்போது அந்த நேரத்தையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சோறு சூடாகவும் இல்லாமல், குளிர்பெட்டியிலும் இல்லாமல், மேலே சொன்ன முறையில் புளிக்கவும் வைக்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால், நல்ல மணம் வந்தாலும், எவ்வளவு சூடாக்கினாலும் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.